ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டு, விலை பக்கத்தில் வந்ததும் அதைக் கீழே தள்ளி வைத்துவிடுகிறேன். இதை எப்படி நிறுத்துவது?

நீங்கள் வாங்கிய விலை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், திரையைத் திறந்ததும் இப்போதைய விலையை அதோடுதான் ஒப்பிடுவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் நாலு வருடம் அப்படித்தான் இருந்தேன். "மனக்கட்டுப்பாடு வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டேன், அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கே வெறுத்துப்போய்விட்டது. என்னுடைய ஒரே ஒரு டிரேடை எண்களோடு சொல்கிறேன்.

அப்போது என் கணக்கில் 6 லட்சம் இருந்தது. ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 6,000க்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். ஒரு பங்கு 488 பக்கத்தில் இரண்டு முறை இறங்கி, இரண்டு முறையும் திரும்பி மேலே போயிருந்தது. 500இல் வாங்கினேன், ஸ்டாப் 485, அதாவது விலை அங்கே இறங்கினால் பங்கு தானாக விற்றுவிடும். வித்தியாசம் 15, அதனால் 400 பங்கு. இதுவரை எல்லாம் சரி. 485க்குக் கீழே போனால் அந்த 488 தாங்கவில்லை, நான் வாங்கிய காரணமே பொய் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் விலை 487. சார்ட்டில் ஸ்டாப்பைக் காட்டும் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து 475க்கு இழுத்தேன். இரண்டு வினாடி வேலை. மனதுக்குள் ஓடியது இதுதான்: "இவ்வளவு தூரம் தாங்கிவிட்டோம், இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்து வாங்கிய பங்கு, இப்போது விட்டால் 5,000க்கு மேல் போய்விடும், 500 வந்ததும் வெளியே வந்துவிடலாம்." இதில் ஒரு வரிகூட அந்தப் பங்கைப் பற்றியது இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் நான் ஏற்கெனவே போட்ட பணத்தையும் உழைப்பையும் பற்றியது.

அப்புறம் 478இல் இன்னும் 200 பங்கு வாங்கினேன். சராசரி விலை 492.67 ஆனது. திரையில் அந்த எண் இறங்கியதும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதிதான் ஆபத்து. இறங்கியது என் சராசரிதான், நஷ்டம் அல்ல. 476 வந்தபோது ஸ்டாப்பை 460க்குத் தள்ளினேன். 463 வந்தபோது ஸ்டாப்பையே எடுத்துவிட்டேன். மறுநாள் காலை பெரிய இடைவெளியோடு 441இல் திறந்தது, 438இல் எல்லாவற்றையும் விற்றேன். முதல் 400 பங்கில் 24,800, பின்னால் வாங்கிய 200இல் 8,000. மொத்தம் 32,800. இழக்கலாம் என்று நினைத்தது 6,000.

ஐந்தரை மடங்குதானே என்று தோன்றலாம். என் முறையில் பத்து டிரேடுக்கு நாலு ஜெயிக்கும், ஜெயித்தால் 12,000 வரும், தோற்றால் 6,000 போகும். பத்துக்கும் கணக்குப் பார்த்தால் 48,000 வரவு, 36,000 செலவு. ஒரு டிரேடுக்குச் சராசரியாக நிற்பது 1,200. 32,800ஐ 1,200ஆல் வகுத்துப் பாருங்கள், 27 வரும். 27 டிரேடு ஒழுங்காகச் செய்து சேர்க்க வேண்டியதை ஒரே டிரேடில் விட்டேன்.

"எனக்குத் தள்ளி வைத்தபோதெல்லாம் விலை திரும்பி வந்ததே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். எனக்கும் வந்தது. என் நோட்டில் எடுத்துப் பார்த்தேன், ஸ்டாப்பைத் தள்ளிய டிரேடுகள் 11, அதில் 7 திரும்பி வந்தன. அந்த ஏழிலும் நான் என்ன செய்தேன் தெரியுமா? வாங்கிய விலை வந்ததும் "அப்பாடா" என்று விற்றுவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டாப் அளவு நஷ்டம் தப்பியது, லாபம் எதுவும் இல்லை. மீதி நாலும் சேர்ந்து ஸ்டாப்புக்கு மேல் கூடுதலாகத் தின்றது 12 ஸ்டாப் அளவு. ஏழு மிச்சம், பன்னிரண்டு போச்சு. பாதிக்கு மேல் பலிக்கிற பழக்கம் என்பதால்தான் விட மாட்டேன் என்கிறது.

இது என் ஒருவனுடைய கோளாறு இல்லை. டெரன்ஸ் ஓடீன் என்ற ஆய்வாளர் 1987 முதல் 1993 வரை 10,000 தரகுக் கணக்குகளைப் பார்த்து, 1998இல் வெளியிட்டார். மக்கள் லாபத்தில் உள்ளதைச் சீக்கிரம் விற்று, நஷ்டத்தில் உள்ளதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விற்ற பங்குகள், பிடித்து வைத்திருந்தவற்றைவிட அடுத்த ஒரு வருடத்தில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி அதிகம் கொடுத்தன.

எனக்கு உதவியதைச் சொல்கிறேன். "கையில் இல்லாவிட்டால் இப்போது வாங்குவாயா?" என்று கேட்டுக்கொள்ளச் சொல்வார்கள். எனக்கு அது பலிக்கவில்லை, நஷ்டத்தில் இருக்கும்போது மனம் கூசாமல் "வாங்குவேன்" என்று சொல்லும். அதனால் கேள்வியை எண்ணிக்கைக்கு மாற்றினேன். ஸ்டாப்பைத் தள்ளலாம், ஆனால் மொத்த நஷ்டம் 6,000ஐத் தாண்டக் கூடாது. அந்த 487க்கே போவோம். ஏற்கெனவே 13 வீதம் 400 பங்கில் 5,200 போய்விட்டது. மிச்சம் 800. 475இல் ஸ்டாப் என்றால் பங்குக்கு இன்னும் 12 ஆபத்து. 800ஐ 12ஆல் வகுத்தால் 66. அதாவது 334 பங்கை அங்கேயே விற்றுவிட்டு, 66ஐ மட்டும் வைத்துக்கொண்டு தள்ளலாம். இந்தக் கணக்கைக் கையால் எழுதிப் பார்த்த நாளில் ஒரு முறைகூட எனக்குத் தள்ளத் தோன்றவில்லை. அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்தது "கொஞ்சம் அவகாசம்" இல்லை, இன்னொரு 4,800 என்பது காகிதத்தில்தான் தெரிந்தது.

இங்கே ஒரு ஆதங்கம், மன்னிக்கவும். நான் காசு கட்டிப் படித்த வகுப்பில் ஒரு மாதம் முழுக்க விலை சார்ட்டில் வரும் விதவிதமான மெழுகுவர்த்தி வடிவங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். எத்தனை பங்கு வாங்குவது என்பதற்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை. கேட்டதற்கு "அதெல்லாம் அனுபவத்தில் வரும்" என்றார் அந்த மனிதர். எனக்கு வந்தது, எவ்வளவு விலை கொடுத்து என்று மேலே எழுதியிருக்கிறேன்.

நீண்டகால முதலீட்டாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம், கம்பெனியின் கணக்கைப் படித்துவிட்டுப் பத்து வருடத்துக்கு வாங்குபவர்களைப் பற்றி நான் பேசவே இல்லை. லாபத்தில் ஸ்டாப்பை மேலே ஏற்றுவதையும் சொல்லவில்லை. இறங்க இறங்கக் கீழே தள்ளுவதை மட்டும்தான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், சில சமயம் ஸ்டாப்பே தப்பான இடத்தில் இருக்கும். ஒரு நாளைக்குச் சாதாரணமாகவே 20 ஆடுகிற பங்குக்கு 8 தள்ளி ஸ்டாப் வைத்தால் அடிபடத்தான் செய்யும். "வாங்கிய விலையிலிருந்து 2 சதவீதம்" என்று வைப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அங்கே ஸ்டாப்பும் வாங்கிய விலையில்தான் கட்டப்பட்டிருக்கிறது, பங்கின் ஆட்டத்தில் இல்லை. ஆனால் அதை அடுத்த டிரேடில் திருத்துங்கள், தூரத்தைக் கூட்டிப் பங்கைக் குறைத்து. ஓடிக்கொண்டிருக்கிற டிரேடில் வேண்டாம்.

இப்போது வாங்குவதற்கு முன்னால் நோட்டில் ஒரு வரி எழுதுகிறேன்: "இந்த விலைக்குக் கீழே போனால் எது பொய்யாகும்." சராசரி விலை, லாப நஷ்டம் இரண்டு பத்தியையும் திரையில் மறைத்துவிட்டேன். போன மாதம் ஒரு பங்கு ஸ்டாப்பில் அடிபட்டு, மறுநாளே திரும்பி ஏறியது. வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நோட்டில் 6,000 என்று எழுதி மூடி வைத்தேன்.