தேங்காய் கொண்டுவந்த அப்பா

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். என் பிரிவில் இருக்கும் ஒரு அக்காவின் அப்பா 4ஆம் தேதி பட்டுக்கோட்டையில் தவறிவிட்டார். பதவியில் நான் மேலே, வயதில் அவர் மூத்தவர். மாத ஆரம்ப வேலையால் எடுப்புக்குப் போக முடியவில்லை. மெயில் எழுத உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. கடைசியில் இப்படி எழுதினேன்: "தங்கள் தந்தையாரின் மறைவுச் செய்தி கேட்டு ஆற்றொணாத் துயருற்றோம். அன்னாரின் ஆன்மா இறைவனடியில் இளைப்பாறப் பிரார்த்திக்கிறோம். எந்த உதவி என்றாலும் தயங்காமல் கேட்கவும். ஜிஎஸ்டி ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று முடிந்தால் தெரிவிக்கவும்." இன்னும் அனுப்பவில்லை. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிகிறது.

அக்காவின் அப்பா ஓய்வுபெற்ற தபால்காரர். நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். பொங்கலுக்கு முன்னால் தேங்காய் மூட்டையோடு ஆபீஸுக்கு வந்தார். வாட்ச்மேன் வாங்க வந்தும் கொடுக்காமல் தானே மாடிக்குத் தூக்கி வந்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து ஆளுக்கு இரண்டு காய் கொடுத்தார். தினமும் காலை பத்தரைக்கு, டீ நேரத்தில், அக்காவுக்கு அவரிடமிருந்து போன் வரும். இதையெல்லாம் மெயிலில் எழுத முடியாது, உங்களிடம் சொல்லத் தோன்றியது.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

எழுத முடியாது என்று ஒதுக்கினீர்களே, அதில்தான் உங்கள் மெயில் இருக்கிறது. தேங்காயைத் தட்டிப் பார்த்த அந்த மனிதரை எழுதுங்கள்.

உங்கள் வரைவின் முதல் இரண்டு வாக்கியங்களில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவை சுவரொட்டிக்கும் நாளிதழின் கண்ணீர் அஞ்சலிக் கட்டத்துக்கும் உரிய மொழி. அந்தக் கட்டத்தில் மேலே படமும் பெயரும் இருப்பதால் கீழே எந்த வாசகம் வந்தாலும் பொருந்திவிடுகிறது. மெயிலில் படம் இல்லை. "அன்னார்" என்ற சொல்லில் அந்த அக்காவால் தன் அப்பாவைக் கண்டுபிடிக்க முடியாது. இறந்தவரைப் பற்றிய பாட்டுக்கு நம் பழைய இலக்கணம் கையறுநிலை என்று பெயர் வைத்தது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நிற்கிற நிலை. உங்களுக்கு வார்த்தை வராதது அதனால்தான். அந்த இடத்தை ஆற்றொணாத் துயரைக் கொண்டு அடைக்க வேண்டாம். "ரொம்ப வருத்தமாக இருக்கிறது அக்கா" என்பதே போதும். ஆபீஸில் அக்கா என்று கூப்பிடுகிறவர் மெயிலில் மட்டும் "தங்கள் தந்தையார்" என்று தள்ளி நிற்பது இந்த நேரத்தில் வலிக்கும்.

எந்த நினைவை எழுதுவது என்பதில் ஒரு கவனம் வேண்டும். உங்களிடம் இரண்டு இருக்கின்றன. தேங்காயை எழுதுங்கள், பத்தரை மணி போனை இப்போது எழுத வேண்டாம். தேங்காய்க் கதையில் அவர் நடமாடுகிறார். மூட்டையைத் தூக்குகிறார், காயைத் தட்டுகிறார். அது நீங்கள் கண்ணால் பார்த்தது. அதில் சில விவரங்கள் அக்காவுக்கே தெரியாதவையாக இருக்கலாம். அன்று கீழே வாட்ச்மேனிடம் மூட்டையைக் கொடுக்க மறுத்ததை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? இனி புதிதாக ஒன்றும் கிடைக்காது என்று ஆகிவிட்ட அப்பாவைப் பற்றி ஒரு புதுச் செய்தி கிடைப்பது அவருக்குப் பெரிய காரியம். போன் அப்படியில்லை. அது அவருடைய இழப்பேதான். அதை நீங்கள் எடுத்துச் சொன்னால், இனி வராது என்பதை நினைவூட்டுவதாக முடியும்.

ஆன்மாவைப் பற்றிய வரி அந்த வீட்டு நம்பிக்கைக்குப் பொருந்துமா என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடலாம், குறையாகத் தெரியாது. எப்படி இறந்தார், கடைசியில் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். வந்து போகிற ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அவர் ஏற்கெனவே ஓய்ந்திருப்பார்.

இப்போது "எந்த உதவி என்றாலும் தயங்காமல் கேட்கவும்." நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என்ன தேவை, யாரிடம் கேட்பது, கேட்டால் தப்பாக நினைப்பார்களா என்று யோசிக்கிற வேலையை அந்த வரி அவரிடமே கொடுத்துவிடுகிறது. அனேகமாக யாரும் கேட்பதில்லை. நீங்கள் இருவருமே கணக்கு ஆட்கள். இழவு வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அவர் மனதின் ஒரு மூலையில் தேதிகள் ஓடிக்கொண்டிருக்கும். 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி பிஎஃப்பும் இஎஸ்ஐயும், 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. "வேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்" என்று பொதுவாகச் சொன்னால் இவற்றில் ஒன்றுகூட அவர் தலையைவிட்டு இறங்காது. தேதியைச் சொல்லி, அதை யார் செய்யப்போகிறார் என்றும் சொன்னால் இறங்கும். உங்களால் இந்த வாரம் செய்ய முடிந்த மிகப் பெரிய ஆறுதல் அந்த ஒரு வரிதான்.

அதை எழுதுவதற்கு முன் ஆபீஸுக்குள் இரண்டு காரியம் முடித்தாக வேண்டும். முதலாவது விடுப்பு. தனியார் நிறுவனங்களில் துக்க விடுப்பு என்று தனியாகச் சட்டம் எதுவும் தரவில்லை, நிறுவனத்தின் வழக்கம்தான். ஆகவே மேலே பேசி, பதினாறாம் நாள் வரைக்கும் சம்பளத்தோடு உண்டா என்று உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். மெயிலில் தாராளமாகச் சொல்லிவிட்டு மாதக் கடைசியில் சம்பளம் பிடித்தால், முதலில் சொன்ன ஆறுதலும் சேர்ந்து பொய்யாகிவிடும். இரண்டாவது ஓடிபி. அவர் இல்லாதபோது இ-வே பில்லுக்கோ வங்கிக்கோ வேறு யாராவது லாகின் செய்தால் ஓடிபி அவருடைய போனுக்குப் போகும்படி இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய இடங்களில் அப்படித்தான் இருக்கும். லாரியில் சரக்கை ஏற்றி நிறுத்திவிட்டு, சடங்கு நடக்கிற வீட்டுக்குப் போன் போட்டு ஆறு இலக்கம் கேட்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். முதலாளியின் லாகினிலிருந்து இ-வே பில்லுக்கு ஒரு துணைப் பயனரை உங்கள் எண்ணில் உண்டாக்கிக்கொள்ளுங்கள். ஃபைல் எங்கே இருக்கிறது என்பதைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேளுங்கள். எதுவும் நடக்காவிட்டால், கேள்விகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, பால் தெளித்து முடிந்து ஒரு நாள் கழித்து, ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை கேட்கட்டும். அதுவும் இந்த மெயிலில் கூடாது. என் அம்மா இறந்தபோது மேலதிகாரி ஒருவரிடமிருந்து வந்த மெயிலின் மூன்றாவது வரியில் ஒரு பாஸ்வேர்டு கேட்கப்பட்டிருந்தது. முதல் இரண்டு வரியில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்.

"பொருள்: அப்பா

அக்கா,

அப்பா தவறிய செய்தி கேட்டதிலிருந்து மனது கேட்கவில்லை. ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

பொங்கலுக்கு முன்னால் அவர் ஆபீஸுக்கு வந்ததுதான் கண்ணுக்குள் நிற்கிறது. கீழே வாட்ச்மேன் மூட்டையை வாங்கப் போனார், அப்பா கொடுக்கவே இல்லை. தானே மாடிக்குத் தூக்கி வந்து, தட்டிப் பார்த்துத்தான் எனக்கு இரண்டு காய் கொடுத்தார்.

7ஆம் தேதி டிடிஎஸ், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ எல்லாவற்றையும் நானே போட்டுவிடுகிறேன். 3பி-யும் என் பொறுப்பு. பதினாறாம் நாள் முடியும்வரை உங்களுக்கு லீவு சொல்லியாகிவிட்டது, தனியாக எழுதித் தர வேண்டாம். ஆபீஸிலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர் வருகிறோம். இதற்குப் பதில் எழுத வேண்டாம் அக்கா."

இவ்வளவுதான், போனில் ஒரே திரையில் முடிந்துவிடும். கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்க, அடுப்படி ஓரமாக நின்று படிக்கப்போகிறவருக்கு அதற்கு மேல் வேண்டாம். பதில் வேண்டாம் என்ற வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள். நாற்பது பேருக்கு நன்றி எழுதுகிற கடன் துக்க வீட்டில் ஒரு சுமை.

இதை உங்கள் பெயரில், அவருக்கு மட்டும் அனுப்புங்கள். பிரிவு முழுவதையும் சிசியில் போட்டால் அடுத்த பத்து நிமிடத்தில் "ஆழ்ந்த இரங்கல்" என்று இருபது பதில்கள் வரிசையாக விழும். அனுப்பும் முன் மெயிலின் அடியைப் பாருங்கள். கம்பெனி லோகோவும், "இனிய நாளாகட்டும்" என்ற வாசகமும், கண்காட்சி விளம்பரமும் தானாக ஒட்டிக்கொண்டு வரும். அழித்துவிடுங்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது "போய்ட்டு வரேன்" என்று சொல்லாமல் எழுந்து வருகிறோம் அல்லவா, அந்த நாகரிகம்தான் இதுவும்.

ஞாயிறு வருகிறோம் என்று நான் எழுதியது உங்களைக் கேட்காமல்தான். எடுப்புக்குப் போக முடியாததை மெயில் ஈடுகட்டாது, நம் ஊரில் துக்கத்துக்கு முகம் காட்டியாக வேண்டும். பல வீடுகளில் செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்கப் போவதில்லை என்பதால் ஞாயிறு வசதி. போக முடியாது என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், வராமல் வருகிறோம் என்று எழுத வேண்டாம்.

அவர் வேலைக்குத் திரும்பியபின் இன்னொரு சின்ன மெயில் தேவைப்படும். அப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்து சான்றிதழ் வாங்கி, ஓய்வூதிய ஆணையின் நகலோடு பென்ஷன் வந்துகொண்டிருந்த வங்கிக்கோ தபால் நிலையத்துக்கோ அம்மாவை அழைத்துப் போக வேண்டியிருக்கும். சான்றிதழில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தால் மறுபடி அலைச்சல். எல்லாம் வாரநாளில் நடக்கிற வேலை. "அம்மாவோடு பட்டுக்கோட்டையில் அலைய வேண்டிய நாட்களை முன்னாலேயே சொல்லுங்கள் அக்கா, நான் ஆள் போட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். முதல் வாரம் எழுதியிருந்தால் இது காதில் ஏறியிருக்காது. எல்லோரும் விசாரித்து ஓய்ந்தபிறகு வரும்போதுதான் இதற்கு மதிப்பு.

அவர் திரும்பி வருகிற முதல் நாள், பத்தரை மணி டீ நேரத்தில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு டீ வாங்கிக்கொண்டு அவர் மேசைக்குப் போய் உட்காருங்கள்.