பாத்திரம் கழுவும் கையில் நகச்சுற்று

"யாங்கோனில் டீக்கடையில் பாத்திரம் கழுவுகிறேன். வலது கையில் இரண்டு விரல்களில் நகத்தைச் சுற்றி வீங்கிச் சிவந்து மூன்று மாதமாகிறது. கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் குறைகிறது, திரும்ப வருகிறது. நகத்தைப் பிடுங்கணுமா டாக்டர்?"

வேண்டாம் அம்மா. நகத்தில் கோளாறு இல்லை.

நல்ல விரல் ஒன்றை வெளிச்சத்தில் பாருங்கள். நகம் தொடங்கும் இடத்தில் தோலிலிருந்து மெல்லிய விளிம்பு ஒன்று இறங்கி நகத்தோடு ஒட்டியிருக்கும். வீங்கிய விரலில் அது இருக்காது, சின்ன இடுக்குதான் இருக்கும். சோப்புத் தண்ணீர் அந்த ஒட்டை ஊறவைத்துப் பிய்த்துவிட்டது. ஒவ்வொரு தட்டு கழுவும்போதும் தண்ணீர் உள்ளே இறங்கித் தோலை எரிக்கிறது. பூஞ்சை அதன் பிறகுதான் வந்து குடியேறுகிறது. அதனால்தான் பூஞ்சை மாத்திரை மட்டும் சாப்பிட்டு இது ஆறுவதில்லை.

கடைக்காரர் நாலு நிற மாத்திரையைப் பேர்கூட இல்லாமல் பொட்டலம் கட்டித் தருகிறாரே, அதை இனி வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். சாப்பிடும்வரை வீக்கம் அமுங்கும், நிறுத்தினால் கிளம்பும். என்னிடம் வந்த மீன் கழுவும் அம்மா ஒருவர் இப்படியே மாதக்கணக்கில் சாப்பிட்டு, முகம் உப்பி, சர்க்கரையும் ஏறி வந்தார். டாக்டர் சீட்டில்லாமல் இவற்றை விற்க விட்டிருக்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமை. எலுமிச்சம்பழத்தை விரலில் செருகுவதும் வேண்டாம். பிய்ந்த தோலில் புளிப்புப் பட்டால் இன்னும் அழலும்.

அந்த அம்மாவுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். முதலில் மெல்லிய பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை. உள்ளே வேர்த்து நனைந்தால் பருத்தியை உடனே மாற்றணும், ஈரக் கையுறை வெறுங்கையைவிட மோசம். மூன்று ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் இடுக்கை ஒற்றித் துடைத்து வாசலின் தடவுங்கள். அந்தத் தோலைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள், வெட்டாதீர்கள். தோல் டாக்டர் பார்த்துச் சரி என்றால், பீட்டாமெத்தசோன் களிம்பை அவர் சொல்லும் அளவுக்கு, வழக்கமாக இரண்டு மூன்று வாரம், மெல்லிசாகத் தடவலாம். இதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் உடம்பு முழுக்கப் போகாமல் விரலோடு நிற்கும். வீக்கம் வாரங்களில் வடியும், அந்த விளிம்பு திரும்ப ஒட்ட மூன்று மாதம்கூட ஆகும். அதுவரை கையுறையை விடக்கூடாது. அந்த அம்மா ஐந்தாவது வாரம் 'சரியாப் போச்சு' என்று கழற்றிவிட்டு மறுபடி வந்தார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒரே நாளில் விரல் விண்விண்ணென்று தெறித்து, தோலுக்கடியில் மஞ்சளாகச் சீழ் தெரிந்தால் அது வேறு கதை. அன்று களிம்பைத் தொடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போய்க் கீறிச் சீழை எடுக்கணும், ஊசியால் நீங்களே குத்தக்கூடாது. சிவப்பு கையில் ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ இரவென்றும் பார்க்காதீர்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் சீழ் தெரியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கையுறைக் காசை முதலாளியிடம் கேளுங்கள். உங்கள் விரல் வெந்தது அவர் கடைப் பாத்திரத்தில்தான்.