15 புள்ளியும் படத்தில் நேராக நிற்க

"மார்கழியில் தினமும் 15 புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம் போட்டுக் கலர் கொடுக்கிறேன். வாசலில் நின்று போனில் எடுத்தால் எதிர்ப்பக்கம் குறுகி, சதுரக் கோலம் முறம் மாதிரி ஆகிவிடுகிறது. பிங்க் பூவெல்லாம் ஒரே அப்பலாக விழுகிறது, வெள்ளை மாவு நீலம் பாரித்து வருகிறது. கையில் இருப்பது போனும் ஒரு செல்ஃபி ஸ்டிக்கும்தான். என்ன செய்யலாம்?" (வாசகி, கும்பகோணம்)

முறம் என்று சரியாகத்தான் சொன்னீர்கள். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகுவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: போனின் முதுகு தரைக்கு இணையாக இல்லை. நீங்கள் கோலத்தின் ஓரத்தில் நின்று போனை முன்னால் சாய்த்து எடுக்கிறீர்கள். உங்கள் காலடியில் இருக்கும் வரிசை கேமராவுக்குப் பக்கத்திலும், எதிர் வரிசை தள்ளியும் போய்விடுகிறது. தள்ளி இருப்பது சிறிதாக விழும்.

இங்கே பலரும் ஒரு விஷயத்தில் தவறிவிடுகிறார்கள். கோலத்தின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே போன் இருந்தால்தான் படம் சரியாக வரும் என்று நினைத்து, கைப்பிடிச் சுவரில் எட்டிக் குனிகிறார்கள். நடுவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இணையாக இருந்தால் போதும். தரைக்கு இணையாகப் பிடித்த போனில் கோலம் படத்தின் ஒரு மூலையில் விழுந்தாலும் சதுரம் சதுரமாகவே இருக்கும், வெட்டி எடுத்துக்கொள்ளலாம். நடுவுக்கு நேராகப் பிடித்துவிட்டுக் கொஞ்சம் சாய்த்தீர்களோ, முறம் திரும்ப வந்துவிடும்.

எவ்வளவு சாய்ந்தால் எவ்வளவு கெடும் என்று உங்கள் கோலத்தை வைத்தே பார்ப்போம். புள்ளிக்குப் புள்ளி 4 அங்குலம் என்றால் 15 புள்ளிக்கு 14 இடைவெளி, ஆக 56 அங்குலம். வெளிச்சுற்று வளைவுகளுக்குப் பக்கத்துக்கு 2 அங்குலம் சேர்த்தால் 60, அதாவது 5 அடி. போனை 6 அடி உயரத்தில் வைத்து 5 டிகிரி சாய்த்தால், ஒரு பக்கம் 5 அடி எனத் தெரியும்போது எதிர்ப்பக்கம் ஏறக்குறைய 4 அடி 8 அங்குலமாகத் தெரியும். முழுசாக ஒரு புள்ளி இடைவெளி காணாமல் போகிறது! 5 டிகிரி என்பது கையில் உணரவே முடியாத சாய்வு. அதே சாய்வு 12 அடி உயரத்தில் நேர்ந்தால் இழப்பு சுமார் 2 அங்குலம்தான். அதனால் உயரம் கிடைத்தால் விடாதீர்கள்.

சாய்வைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முடியாது, போனிடமே கேளுங்கள். ஐபோனில் Settings, Camera என்று போய் Level என்பதை இயக்கி வையுங்கள். போனைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் பிடித்ததும் திரையின் நடுவே இரண்டு கூட்டல் குறிகள் தோன்றும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் போன் மட்டமாக இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் கேமரா அமைப்புகளில் இப்படி ஒன்று இருக்கும். இல்லையென்றால் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போலவே வேலை செய்யும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன.

ஒரு சிக்கல் உண்டு. நம் வாசல்கள் மட்டமாக இருப்பதில்லை. தண்ணீர் தெருப்பக்கம் ஓடுவதற்காகக் கொஞ்சம் சரித்துத்தான் பூசியிருப்பார்கள். ஒன்றிரண்டு டிகிரிச் சரிவு என்றால் விட்டுவிடலாம். ஆனால் பைக் ஏற்றுவதற்குப் போட்ட சாய்தளத்தின் மேல் கோலம் போட்டிருந்தால் மட்டம் காட்டும் குறி உங்களை ஏமாற்றும். போன் பூமிக்கு மட்டமாக இருக்கும், கோலத்துக்கு இருக்காது. அப்போது புள்ளிகளை நம்புங்கள். ஒரு படம் எடுத்து, முதல் வரிசையின் 15 புள்ளி நீளத்தையும் கடைசி வரிசையின் நீளத்தையும் திரையின் மேல் ஒரு துண்டுக் காகிதம் வைத்து ஒப்பிடுங்கள். எந்த வரிசை குட்டையோ அது கேமராவிலிருந்து தள்ளி இருக்கிறது. போனின் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி மறுபடி எடுங்கள். இரண்டு மூன்று முயற்சியில் பிடிபட்டுவிடும்.

சரி, எங்கே நின்று எடுப்பது? பெரும்பாலான போன்களின் 1x லென்ஸில் ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. படத்தின் குறுகிய பக்கத்தில் எத்தனை அடி தரை விழுமோ, ஏறக்குறைய அத்தனை அடி உயரத்தில் போன் இருக்க வேண்டும். உங்கள் 5 அடிக் கோலத்துக்கு ஓரம் விட்டு 6 அடி. ஒன்றரை அடி உயர ஸ்டூலைக் கோலத்தின் விளிம்பிலிருந்து அரை அடி தள்ளிப் போட்டு ஏறி, செல்ஃபி ஸ்டிக்கைப் படுக்கையாக நீட்டி, பின்பக்கக் கேமரா தரையைப் பார்க்கும்படி போனைக் கவிழ்த்து மாட்டுங்கள். இப்போது திரை மேலே பார்த்திருக்கும், உங்கள் கண் அதைவிடச் சற்று உயரத்தில் இருப்பதால் மட்டக் குறி தெரியும். ஸ்டூல் போனின் நீளப்பக்கத்தை ஒட்டி வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கால் விரல்களும் படத்தில் வரும். பட்டனை அழுத்தினால் ஸ்டிக் ஆடும், அதனால் 3 விநாடி டைமர் வையுங்கள். ஸ்டூலை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஈரத் தரையில் அது வழுக்கும்.

மாடி இருந்தால் இன்னும் எளிது. போன் 12 அடி உயரத்தில், கோலத்தின் நடு சுவரிலிருந்து 5 அடி தள்ளி என்று வைத்துக்கொள்வோம். எட்டிக் குனிய வேண்டாம். போன் நீளவாக்கில் தெருவை நோக்கி நீண்டிருக்கும்படி கைப்பிடிச் சுவருக்கு வெளியே மட்டமாகப் பிடித்தால், 1x லென்ஸ் அந்தத் திசையில் 8 அடி வரை பார்க்கும். உங்கள் கோலம் இரண்டரை அடியிலிருந்து ஏழரை அடி வரை இருக்கிறது. படத்தின் ஒரு பாதியில் முழுசாக அடங்கிவிடும். வெட்டிய பிறகு, 12 மெகாபிக்சல் படத்தில் கோலத்துக்கு ஏறக்குறைய 1260 பிக்சல் மிஞ்சும். போனில் பார்க்க இது தாராளம். அச்சில் 4 அங்குலத்துக்குமேல் போகாது. ஸ்டூல் முறையில் இதைப்போல் இரு மடங்கு கிடைக்கும். பத்திரிகைக்கு அனுப்புவதாக இருந்தால் ஸ்டூல், சொந்தக்காரர்களுக்கு அனுப்ப மாடி. சன்ஷேட் மறைக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.

0.5x லென்ஸைத் தவிர்த்துவிடலாம். அகல லென்ஸ் எல்லாவற்றையும் இழுத்துவிடும் என்பது முழு உண்மை இல்லை. தட்டையான தரையை மட்டமாகப் பிடித்து எடுத்தால் இழுக்காது. ஆனால் அதில் கோலம் படத்தை நிறைக்கப் பாதி உயரத்துக்கு இறங்க வேண்டும், அதனால் சாய்வின் பாதிப்பு ஏறக்குறைய இரு மடங்காகும், ஓரங்களின் கூர்மையும் குறையும். பூசணிப்பூ வைத்த சாணப் பிள்ளையார், குத்துவிளக்கு மாதிரி உயரமான பொருள்கள் எந்த லென்ஸிலும் படத்தின் நடுவிலிருந்து விலகி இருந்தால் வெளிப்பக்கம் சாய்ந்ததுபோல் விழும். நான் முதலில் கோலத்தை மட்டும் எடுத்துவிட்டு அப்புறம்தான் பூ வைக்கச் சொல்வேன். வீட்டில் பெரியவர்கள் முறைப்பார்கள், அரை நிமிஷம்தான்.

அடுத்து நிறம். பிங்க் அப்பலாக விழுவதற்குப் பொடி காரணமில்லை. சாணம் தெளித்த தரையோ ஈர சிமெண்டோ கருமையாக இருக்கிறது. அதைப் பார்த்த கேமரா, இருட்டு என்று எண்ணி மொத்தப் படத்தையும் வெளுக்கிறது. ஒவ்வொரு நிறத்தையும் கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவுகளாகத்தான் பதிகிறது. பளிச் பிங்க் பொடியில் சிவப்பின் அளவு முதலிலேயே உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். அதற்குமேல் இதழின் அடர்த்தியான ஓரத்துக்கும் வெளிறிய நடுவுக்கும் உள்ள வித்தியாசம் பதிய இடமே இல்லை. பிறகு எந்தச் செயலியில் இருட்டாக்கினாலும் அது திரும்பாது, அப்பல் கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான். எடுக்கும்போதே சரிசெய்ய வேண்டும். திரையில் பிங்க் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். பூவின் நிழல் தெரிய ஆரம்பிக்கும் வரை இழுக்கலாம். படம் கொஞ்சம் இருட்டாகத் தோன்றும், பரவாயில்லை. அதைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.

வெள்ளை நீலமாவது வேறு கதை. வெயில் நேராக விழாத வாசலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம். காவிப் பட்டை அதிகமாகப் போட்டிருந்தால், சிவப்பு மிகுந்துவிட்டது என்று கேமரா தானாகவே இன்னும் நீலத்தைச் சேர்க்கும். விடிவதற்கு முன் எடுத்தால் தெருவிளக்கின் மஞ்சள் வேறு கலந்து, ஒரு பக்கம் ஒரு நிறமாக இருக்கும். அதைத் திருத்தவே முடியாது. மார்கழியில் நம் பக்கம் சூரியன் ஆறரை மணிவாக்கில் உதிக்கிறது. 7 மணியளவில், தெருவிளக்கு அணைந்து, வெயில் இன்னும் கோலத்தில் படாத நேரம் பார்த்து எடுங்கள். பாதி வெயில் பாதி நிழல் வேண்டவே வேண்டாம். தண்ணீர் தெளித்த தரையில் வானம் பளபளத்தால் அந்த மினுக்கு அடங்கும் வரை காத்திருங்கள்.

மிச்ச நீலத்தைத் திருத்தும்போது திரையை மட்டும் பார்த்துத் திருத்தாதீர்கள். மீந்த பிங்க், மஞ்சள், காவி, கோலமாவு எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை ஒரு தட்டில் வைத்து, பகல் வெளிச்சத்தில் போனுக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுக்கொண்டே Warmth அளவை நகர்த்துங்கள். அரிசி மாவு கொஞ்சம் பழுப்பேறிய வெள்ளை, கல்மாவு சுத்த வெள்ளை. எதில் போட்டீர்களோ அந்த வெள்ளைக்கு வந்ததும் நிறுத்துங்கள்.

ஏற்கெனவே எடுத்த முறப் படங்களையும் தூக்கிப் போட வேண்டாம். Snapseed செயலியில் Perspective என்பதைத் திறந்து Free முறையில் நான்கு மூலைகளையும் இழுக்கலாம். நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு மூலைப் புள்ளிகள் நான்கும் இருப்பதால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். முதல் வரிசையும் கடைசி வரிசையும் சமமானதும் நிறுத்திவிடாதீர்கள். உயரமும் அகலத்துக்குச் சமமாக வேண்டும். எதிர்ப்பக்கத்துச் சுழிகள் மங்கலாகவே இருக்கும், அதற்கு மருந்தில்லை.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும். நிற விவரமும் வெளிச்ச விவரத்தைவிடக் குறைவாகவே சேமிக்கப்படுவதால், மெல்லிய சிவப்புக் கோடுகள்தான் முதலில் கலங்கும். இணைப்புக் குறியைத் தட்டி Document என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.