நீங்கள் அனுப்பும் லிங்க்கில் உங்கள் பெயரும் சேர்ந்து போகிறது

"சேர், நான் டிக்டொக்ல வேற பேர்ல ஒரு அக்கவுண்ட் வச்சிருக்கேன், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் தெரியாது. போன வாரம் நாட்சம்பளம் பத்தி யாரோ போட்ட வீடியோ ஒன்ன எங்க டிவிஷன் வட்ஸ்அப் குரூப்புக்கு லிங்க்கா அனுப்பினேன். மறுநாள் மாமா ஒருத்தர் அந்தப் பேரச் சொல்லி, 'இது நீயா?'ன்னு கேக்குறார். போன யாருகிட்டயும் குடுக்கல, யாருகிட்டயும் சொல்லல. எப்படித் தெரிஞ்சது? இனி என்ன செய்யணும்?" – ஒரு வாசகி, பொகவந்தலாவை

தங்கச்சி, உங்கள் போனை யாரும் ஹேக் பண்ணவில்லை. மாமாவுக்குச் சொன்னது நீங்கள் அனுப்பிய லிங்க்தான்.

டிக்டொக்கில் Share அமுக்கி Copy link கொடுத்தாலோ நேராக வட்ஸ்அப்புக்கு அனுப்பினாலோ கிடைப்பது வீடியோவின் உண்மையான முகவரி இல்லை. அந்த நிமிடத்தில் உங்கள் கணக்குக்கென்றே செய்து கொடுக்கப்படும் ஒரு குட்டி முகவரி அது. பார்க்க இப்படி இருக்கும்:

```
https://vm.tiktok.com/ZMabc123/
```

சில நேரம் vm இருக்கும் இடத்தில் vt என்று வரும். கடைசியில் இருக்கும் எழுத்துக்கூட்டம்தான் விஷயம். அதே வீடியோவை நீங்களும் உங்கள் சிநேகிதியும் தனித்தனியாக அனுப்பினால் இரண்டு பேருக்கும் இரண்டு வேறு எழுத்துக்கூட்டம் வரும், அதனால் எது யார் கொடுத்தது என்று டிக்டொக்குக்குத் தெரியும். அதோடு நிற்பதில்லை. டிக்டொக் வைத்திருக்கும் ஒருவர் அந்த லிங்க்கைத் தட்டினால், வீடியோவோடு 'இன்னார் உங்களுக்கு இதைப் பகிர்ந்தார்' என்ற அர்த்தத்தில் உங்கள் கணக்கின் பெயரையும் படத்தையும் காட்டி, பக்கத்தில் Follow பொத்தானும் வைத்து விடுகிறது. குரூப்பில் அனுப்பியது நீங்கள் என்று உங்கள் நம்பரை வைத்து எல்லோருக்கும் தெரியும். லிங்க்கைத் திறந்தால் டிக்டொக் பெயர் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார் மாமா, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லிங்க்கை அந்தக் குரூப்பிலிருந்து ஒருவர் எடுத்து ஹட்டனிலிருக்கும் இன்னொரு குரூப்புக்குப் போட்டாலும், உள்ளே இருப்பது போட்டவருடைய குறியீடு இல்லை, உங்களுடையதுதான். முன்பின் தெரியாத ஆள் திறந்தாலும் உங்கள் கணக்குதான் அவர் முன்னால் வந்து நிற்கும்.

சரி, முதலில் செட்டிங். டிக்டொக்கில் உங்கள் பக்கத்துக்குப் போய் மேலே உள்ள மூன்று கோட்டைத் தட்டி, Settings and privacy, அப்புறம் Privacy, அதற்குள் Suggest your account to others என்பதற்குப் போங்கள். அங்கே People who open or send links to you என்று ஒரு வரி இருக்கும், அதை ஓஃப் பண்ணுங்கள். அதே பக்கத்தில் Contacts என்பதும் இருக்கும், அதையும் ஓஃப் பண்ணுங்கள், இல்லாவிட்டால் உங்கள் நம்பரைப் போனில் சேமித்து வைத்திருக்கும் ஆட்களுக்கு 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று உங்கள் கணக்கு போய்க்கொண்டே இருக்கும், லிங்க்கே தேவையில்லை. இப்படி ஆளைக் காட்டிக்கொடுக்கிற ஒரு விஷயத்தை, கேட்காமலே ஓன் பண்ணி வைத்துவிட்டு, நான்கு கதவுக்கு உள்ளே, தமிழ் மட்டும் படித்த ஒருவருக்குப் புரியாத ஒரு பெயரில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அனுப்பும்போது 'உங்கள் பெயரும் போகும், சம்மதமா' என்று ஒரு வார்த்தை கேட்க எத்தனை நேரமாகும்? நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியிருக்கிறது, ஆனால் அதன் முக்கியமான பகுதிகளை நடைமுறைக்குக் கொண்டுவருவது 2025இலும் தள்ளிப்போனது. அதனால் இப்போதைக்கு நம் வேலியை நாம்தான் கட்ட வேண்டும்.

செட்டிங்கை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அப்டேட் வந்தால் இடம் மாறுகிறது, பெயர் மாறுகிறது. லிங்க்கையே சுத்தம் பண்ணி அனுப்பப் பழகுங்கள். அந்தக் குட்டி முகவரியில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை, கடைசி எழுத்துக்களை அழித்தால் லிங்க்கே செத்துவிடும். அதை முதலில் விரிய வைக்க வேண்டும். Copy link கொடுங்கள். குரோமைத் திறந்து மேலே மூன்று புள்ளியைத் தட்டி New Incognito tab எடுங்கள். மேலே முகவரி எழுதும் இடத்தில் ஒட்டித் தேடுங்கள். வட்ஸ்அப்பில் வைத்துத் தட்டாதீர்கள், தட்டினால் நேரே டிக்டொக் செயலிக்குள் போய்விடும், அங்கே முகவரி கண்ணில் படாது. குரோமில் பக்கம் திறந்ததும் மேலே இருப்பது நீளமாக மாறியிருக்கும்:

```
https://www.tiktok.com/@example/video/7300000000000000000?_r=1&_t=ZM-xyz
```

இதில் @ போட்டு இருப்பது வீடியோ போட்டவரின் பெயர், அடுத்த நீளமான எண் வீடியோவின் எண். வீடியோ திறக்க இவ்வளவு போதும். கேள்விக்குறியிலிருந்து கடைசி வரை அழித்துவிட்டு மிச்சத்தைக் கொப்பி பண்ணி அனுப்புங்கள். நீங்கள் அனுப்பிய அதே சம்பள வீடியோவை வைத்தே இதைச் செய்து பாருங்கள். அப்புறம் நம்பிக்கையான ஒருவரின் போனில், டிக்டொக்கில் லொகின் பண்ணியிருக்கும் போனில், பழைய லிங்க்கையும் புதிய லிங்க்கையும் திறந்து பாருங்கள். புதியதில் உங்கள் படமும் Follow பொத்தானும் வரக்கூடாது. வந்தால் எங்கேயோ கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்ஸ்டகிராம் லிங்க்கில் கேள்விக்குறிக்குப் பிறகு igsh என்று ஒன்று வரும், யூடியூபில் si என்று வரும். யூடியூபின் si உங்கள் பெயரை எதிரில் இருப்பவருக்குக் காட்டுவதில்லை, அது கம்பனி தனக்காக வைத்திருக்கும் குறியீடு, ஆனாலும் வெட்டிவிடலாம், வீடியோவுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் கேள்விக்குறியைக் கண்டாலே வெட்டுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் வருகிற பத்துப் பேரில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஃபேஸ்புக் பதிவு ஒன்றின் முகவரி சில நேரம் இப்படி இருக்கும்:

```
https://www.facebook.com/story.php?story_fbid=111&id=222&mibextid=abc
```

இதில் கேள்விக்குறியோடு வெட்டினால் பதிவு திறக்காது. ஏனென்றால் இங்கே பதிவின் எண்ணும் அதைப் போட்டவரின் எண்ணும் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. கடிதத்தில் தோட்டத்தின் பெயரை எழுதிவிட்டு டிவிஷனையும் லயத்தையும் விட்டால் கடிதம் வந்து சேருமா? story_fbid டிவிஷன் மாதிரி, id லயம் மாதிரி, இரண்டும் வேண்டும். mibextid என்பது கடித உறையின் பின்னால் யாரோ குத்திய முத்திரை, அது போனாலும் கடிதம் வரும். ஆகவே இங்கே &mibextid என்ற இடத்திலிருந்துதான் வெட்ட வேண்டும், அதற்கு முன்னால் இருக்கும் எதையும் தொடக்கூடாது. யூடியூபின் நீள முகவரியும் இதே கதைதான். watch என்பதற்குப் பிறகு கேள்விக்குறி, பிறகு v= என்று வரும், அந்த v தான் வீடியோ. அதை வெட்டினால் யூடியூபின் முகப்புப் பக்கம்தான் திறக்கும். t= என்று ஒன்று இருந்தால் அது வீடியோ எந்த நொடியிலிருந்து ஓட வேண்டும் என்பது, அதை அழிக்கத் தேவையில்லை. எது தேவை, எது தேவையில்லை என்று குழம்பினால், கடைசியிலிருந்து ஒவ்வொரு & துண்டாக அழித்து, ஒவ்வொரு முறையும் இன்கொக்னிட்டோவில் திறந்து பாருங்கள். திறக்காமல் போனால் கடைசியாக அழித்ததைத் திருப்பிப் போடுங்கள். ஃபேஸ்புக்கின் facebook.com/share/ என்று தொடங்கும் குட்டி லிங்க் மட்டும் டிக்டொக் ஜாதி, அதை விரித்துத்தான் வெட்ட வேண்டும்.

இதை ஒரு தட்டில் செய்து தருகிறோம் என்று சொல்லும் ஆட்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள், இதைத்தான் நான் எல்லோரிடமும் சண்டை போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டவுனில் சில கொமியூனிகேஷன் கடைகளில் 'டிக்டொக் பாதுகாப்பு' என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு எங்கிருந்தோ இறக்கிய செயலி ஒன்றைப் போட்டு அனுப்புகிறார்கள். என்னிடம் படிக்கும் பையன் ஒருவன் அப்படி ஒரு கடையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தான், பாஸ்வேர்டையும் கடைக்காரனிடமே சொன்னான். பத்து நாளில் அவன் கணக்கிலிருந்து யாருக்கோ கடன் விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு லிங்க்கை வெட்ட யாருக்கும் உங்கள் பாஸ்வேர்ட் தேவையில்லை, லொகினே தேவையில்லை. பாஸ்வேர்ட் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பிளே ஸ்டோரில் லிங்க் கிளீனர் என்று வரும் செயலிகளும் அப்படித்தான், நீங்கள் கொடுக்கும் லிங்க் எல்லாவற்றையும் பார்க்கிற இன்னொரு ஆளை நீங்களே வீட்டுக்குள் கூப்பிட்டது போலாகும். உங்கள் குரூப்பில் இருக்கிற ஒருத்தரிடமிருந்து தப்பப் போய் முன்பின் தெரியாத ஒருத்தரிடம் எல்லாவற்றையும் கொடுப்பதா? வேண்டுமானால் கணினியில் ஃபயர்ஃபொக்ஸ் உலாவி இருக்கிறது, லிங்க் மேல் வலது கிளிக் செய்தால் Copy Clean Link வரும். அது கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளவற்றில் தனக்குத் தெரிந்தவற்றை அழிக்கும், டிக்டொக்கின் குட்டி முகவரியை ஒன்றும் செய்யாது.

குரூப்பில் ஏற்கனவே கிடக்கும் உங்கள் பழைய லிங்க் விஷயம். வட்ஸ்அப்பில் அந்த மெசேஜை அமுக்கிப் பிடித்து Delete for everyone கொடுக்கலாம், ஆனால் அனுப்பி இரண்டு நாளும் சில மணி நேரமும் தாண்டிவிட்டால் அந்த வசதி வராது, உங்களுக்கு ஒரு வாரம் ஆகிவிட்டது. குரூப் அட்மின் தெரிந்தவராக இருந்தால் அவரிடம் சொல்லுங்கள், மற்றவர் போட்ட மெசேஜையும் எல்லோருக்கும் அழிக்கும் வசதி அவருக்கு இருக்கிறது, ஒரு வாரம் ஆன மெசேஜுக்கும் அது வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேறு குரூப்புகளுக்குப் போன பிரதியை இரண்டு பேராலும் அழிக்க முடியாது. அதற்குள் உங்கள் கணக்கின் பெயரையும் முகப்புப் படத்தையும் மாற்றிவிடுங்கள். @ போட்ட பெயரை 30 நாளைக்கு ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், அதனால் நன்றாக யோசித்து, உங்கள் ஊரோ தோட்டமோ ஸ்கூலோ வராத ஒரு பெயராகப் போடுங்கள். உங்கள் முகமும் குரலும் இருக்கும் பழைய வீடியோ ஏதாவது அந்தக் கணக்கில் இருந்தால் பெயரை மாற்றுவதற்கு முன்னாலேயே அதை Only you என்று மாற்றுங்கள், ஏனென்றால் மாமா இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.