விவசாயிகள் கணக்கெடுப்பு அட்டவணையில் தேதி, அளவு, ஊர்ப்பெயர் எல்லாம் கலந்து கிடந்தால்?

"எக்செல்லில் தேதிகள் பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம் நிற்கின்றன. நிலப்பரப்பும் ஊர்ப்பெயரும் ஆளுக்கொரு மாதிரி. எங்கே தொடங்குவது?"

முதலில் மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள்.

தேதியில்தான் ஆபத்து அதிகம். கணினி அமெரிக்க முறையில் இருந்தால், 25/04/2023 என்பதில் 25-ஆம் மாதம் கிடையாது என்று எக்செல் அதை வெறும் எழுத்தாக இடப்பக்கம் விட்டுவிடும். ஆனால் ஏப்ரல் 3-ஐக் குறிக்கும் 03/04/2023 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். வலப்பக்கம் ஒழுங்காக நிற்பவைதான் தவறானவை! அவற்றில் நாள் ஒன்றுகூட 12-ஐத் தாண்டவில்லை என்றால், நடந்தது இதுதான். எல்லாமே நாள்/மாதம்/ஆண்டு என, இரண்டிரண்டு இலக்கத்தில் பதியப்பட்டவை என்றால், புதிய பத்தியில் இதைப் போடுங்கள்:

```
=IF(ISNUMBER(B2),DATE(YEAR(B2),DAY(B2),MONTH(B2)),DATE(RIGHT(B2,4),MID(B2,4,2),LEFT(B2,2)))
```

நிலப்பரப்புக்கு எண் ஒரு பத்தி, அலகு ஒரு பத்தி எனப் பிரித்து, அப்புறம் ஏக்கராக மாற்றுங்கள். 100 சென்ட் ஒரு ஏக்கர், ஒரு ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர். அலகில்லாமல் "50" என்று மட்டும் இருந்தால் சென்ட்டாகத்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஊகிக்காதீர்கள், விசாரிக்க முடியாவிட்டால் காலியாக விடுங்கள்.

தஞ்சை, தஞ்சாவூர், தஞ்சாவுர் போன்றவற்றுக்கு, `TRIM` போட்டபின் பிவட் டேபிளில் எல்லா வடிவங்களையும் எடுத்து, எதிரே சரியான பெயரை எழுதி `VLOOKUP` மூலம் மாற்றினால் போதும்.