வட்டி மாறிய பிறகு தவணை எவ்வளவு? மீதி அசலை வைத்துக் கணக்கு

காரைக்குடி வட்டாரத்து வீட்டுக்கடன்காரர்களின் கேள்விகளுக்கு, வங்கிக் கடன் கணக்கு நன்கு தெரிந்தவரின் பதில்கள்.

காரைக்குடி: அண்ணே, மீதி அசல் 20 லட்சம், இன்னும் 180 மாசம். வட்டி 9ல இருந்து 8 ஆயிருக்கு. இப்ப கட்டுறது 20,285. ஒன்பதுல ஒரு பங்கு குறைஞ்சா 18,031 தானே வரணும்? பேங்க்ல 19,113ன்னு சொல்றாங்க.

பேங்க் சொன்னதுதான் சரி தம்பி. தவணை முழுக்க வட்டி இல்லையே. 9 சதவீதத்தில் முதல் மாத வட்டி 15,000, மிச்சம் 5,285 அசலுக்குப் போனது. 8 சதவீதத்தில் வட்டி 13,333. ஒன்பதில் ஒரு பங்கு குறைந்தது இந்த வட்டிதான். அசல் பங்கை நீங்கள் குறைத்தால் கடன் 180 மாதத்தில் முடியாது. 18,031 கட்டினால் அசலுக்கு 4,698 தான் போகும், தீர 203 மாதம் ஆகும். அதனால்தான் 19,113இல் அசலுக்கு 5,780 வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே எக்செல்லில் சரிபார்க்கலாம்:

```
=PMT(8%/12, 180, -2000000)
```

இதில் போட வேண்டியது வட்டி மாறிய நாளின் மீதி அசலும் மீதி மாதங்களும்தான். முதலில் வாங்கிய தொகையையும் முழுக் காலத்தையும் போட்டுவிட்டு, "பேங்க் கணக்கு தப்பு" என்று கிளம்புபவர்கள்தான் அதிகம்.

தேவகோட்டை: எனக்கும் இதே அளவு கடன், இதே வட்டிதான். குறைஞ்சும் பழைய 20,285ஐயே பிடிக்கிறாங்க. குறைச்ச பலனை அவங்களே வச்சுக்கிட்டாங்களா?

இல்லை, அநேகமாக உங்கள் காலம் குறைந்திருக்கும். தவணை அட்டவணையில் கடைசித் தவணையின் தேதியைப் பாருங்கள். தவணையை மாற்றாமல் விட்டால் கணக்கு இப்படி:

```
=NPER(8%/12, -20285, 2000000)
```

விடை 161.17. அதாவது 161 முழுத் தவணை, பிறகு ஒரு சின்னத் தவணை. 180 மாதத்துக்கு 19,113 கட்டுவதைவிட மொத்தத்தில் சுமார் 1.71 லட்சம் மிச்சம். கை இறுக்கம் இல்லாதவர்கள் இதை அப்படியே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. கடைசித் தேதியும் நகரவில்லை, தவணையும் குறையவில்லை என்றால் மட்டும் எழுத்தில் கேளுங்கள்.

பள்ளத்தூர்: நகையை வச்சு வாங்கின கடனுக்கும் தவணை குறையுமா?

ஆச்சி, உங்கள் ரசீதில் ஒரே வட்டிதான் போட்டிருக்கிறதா, முடிவில் மொத்தமாகக் கட்டித் திருப்புவதா? அப்படியென்றால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

கோட்டையூர்: வட்டி ஏறினா கேட்காமலே மாசத்தை நீட்டிடலாமா? எங்க அண்ணன், "தவணை ஏறாது, கவலைப்படாதே"ங்கிறார்.

அண்ணன் சொல்வது பாதி சரி. தவணை ஏறாமல் இருக்கலாம், அதற்கு விலை காலம். அதே 20 லட்சத்துக்கு 9 சதவீதம் 10 ஆனால், 20,285ஐயே கட்டினால் 180 மாதம் 208 ஆகும். 180லேயே முடிக்க வேண்டுமானால் தவணை 21,492. ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை உங்களுக்குத் தர வேண்டும். காலத்தை நீட்டினாலும், தவணை அந்த மாத வட்டிக்குக்கூடப் போதாமல் அசல் ஏறிக்கொண்டே போகும் நிலை வரக்கூடாது என்றும் அதில் இருக்கிறது.

கானாடுகாத்தான்: ரெப்போ குறைஞ்சு நாளாச்சு. 2017ல வாங்கின என் கடனுக்கு மட்டும் அசையவே இல்லையே?

பேங்குகள் தனிநபருக்குப் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடனை, ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு இணைத்தது 2019 அக்டோபரில் இருந்துதான். அவற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி மாற வேண்டும். உங்களுடையது, பேங்க் தன் நிதிச் செலவை வைத்துத் தானே வட்டியை நிர்ணயிக்கும் பழைய எம்.சி.எல்.ஆர். கணக்காக இருக்கலாம், அதில் அடுத்த மாற்றத் தேதி ஆண்டுக்கு ஒருமுறைகூட வரலாம். கடன் ஒப்பந்தத்தில் அந்தத் தேதியைப் பாருங்கள். ரெப்போ கணக்குக்கு மாறக் கேட்கலாம். மாற்றக் கட்டணத்தை, மீதி மாதங்களில் மிச்சமாகும் வட்டியோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

காரைக்குடி (மறுபடியும்): அண்ணே, எழுத்தில் வந்த தவணை 19,131. 18 ரூபா கூட இருக்கே?

அதைத் திருப்பிப் போட்டால் அசல் சுமார் 20,01,900 என்று வருகிறது. ஏறக்குறைய 1,900 ரூபாய் கூடச் சேர்ந்திருக்கிறது. பற்று வைத்த கட்டணமோ, பிடிக்காமல் நின்ற வட்டியோ, இங்கிருந்து சொல்ல முடியாது. மாதத்தின் நடுவில் வட்டி மாறியிருந்தால் அந்த மாத வட்டியும் இரண்டாகப் பிரியும்: 15 நாளுக்கு 9இல் 7,397, 15 நாளுக்கு 8இல் 6,575. வட்டி மாறிய நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு மாதக் கணக்கு அறிக்கையை வாங்குங்கள். அந்த 1,900 எந்த வரியில் ஏறியிருக்கிறது என்பது அதில் தெரியும்.