ரத்தக்குழாய் இடம் மாறிய இதயம்: பிரசவம் எங்கே நடக்க வேண்டும்?

கேள்வி: 20 வார ஸ்கேனில், குழந்தையின் இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறியிருப்பது போலத் தெரிகிறது என்று ஃபீட்டல் எக்கோவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். உறுதியானால் பிரசவத்தையே தூரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். பக்கத்திலேயே பிரசவம் ஆகி, பிறகு குழந்தையை ஆம்புலன்ஸில் கொண்டுபோனால் ஆகாதா? இதயத்தின் நாலு அறையும் நார்மல் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதே, அப்புறம் எப்படிக் குறை இருக்கும்?

கருவில் இருக்கும் குழந்தைகளின் இதயத்தை ஸ்கேன் செய்வதுதான் என் வேலை. எக்கோவில் உறுதியானால் பிரசவத்தை அங்கே மாற்றத்தான் வேண்டும். மற்ற பல இதயக் குறைகளுக்கு நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். இதற்குச் சொல்வேன்.

முதலில் அந்த நாலு அறை விஷயம். இந்தக் குறையில் அறைகள் உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு, அளவு சரி, வால்வு சரி, துடிப்பு சரி. தப்பு இருப்பது அறைகளிலிருந்து வெளியே போகும் குழாய்களில். இடது கீழறையிலிருந்து மகாதமனி கிளம்பி உடம்புக்குப் போக வேண்டும். வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனி கிளம்ப வேண்டும். இங்கே இரண்டும் மாறி முளைத்திருக்கும். ஸ்கேன் செய்பவர் நாலு அறைகளைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டால் இது கண்ணில் படவே படாது. பிறந்த பிறகுதான் தெரியவந்த பல குழந்தைகளின் பழைய ரிப்போர்ட்டிலும் நாலு அறை நார்மல் என்றுதான் எழுதியிருக்கும். உங்களுக்கு ஸ்கேன் செய்தவர் அதைத் தாண்டியும் பார்த்திருக்கிறார், நல்ல விஷயம்.

ஃபீட்டல் எக்கோவில் நாங்கள் செய்வது இதுதான். நாலு அறைகளைப் பார்த்துவிட்டு, ப்ரோபை மெல்லக் குழந்தையின் தலைப் பக்கமாகச் சாய்ப்போம். சாதாரண இதயத்தில் முதலில் மகாதமனி கிளம்புவது தெரியும், இன்னும் கொஞ்சம் சாய்த்தால் நுரையீரல் தமனி அதன் மேலே குறுக்காகக் கடந்து போகும். அந்தக் குறுக்குக் கடப்பைப் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி. குழாய்கள் இடம் மாறியிருந்தால் இரண்டும் குறுக்கே கடக்காமல், தண்டவாளம் மாதிரி இணையாக மேலே போகும். அப்புறம், இடது கீழறையிலிருந்து வரும் குழாய் சீக்கிரமே இரண்டாகப் பிரிகிறதா என்று பார்ப்போம். பிரிந்தால் அது நுரையீரலுக்குப் போகும் குழாய், இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் மேலே போனால் வழக்கமாக மூன்று குழாய்கள் வரிசையாகத் தெரியும் இடத்தில் இரண்டுதான் தெரியும். 18 முதல் 24 வாரத்துக்குள், குழந்தை வசதியாகத் திரும்பிப் படுத்திருந்தால், அனுபவம் உள்ளவர் இதை உறுதியாகச் சொல்லிவிடலாம். கூடவே கீழறைச் சுவரில் ஓட்டை இருக்கிறதா, நுரையீரல் தமனியின் பாதையில் அடைப்பு இருக்கிறதா என்றும் பார்ப்போம். பிறந்த பிறகு செய்யும் சிகிச்சை அதைப் பொறுத்தும் மாறும்.

வயிற்றுக்குள் இருக்கும்வரை இந்தக் குழந்தைக்கு ஒன்றுமே தெரியாது. எடை ஏறும், உதைக்கும். ஆக்சிஜனை நஞ்சுக்கொடி தருகிறது, நுரையீரலுக்கு அந்த வேலையே இல்லை. தொப்புள்கொடியை வெட்டிய பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. உடம்பிலிருந்து வந்த அசுத்த ரத்தம் வலது பக்கம் வந்து மறுபடியும் உடம்புக்கே போகிறது. நுரையீரலில் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் இடது பக்கம் வந்து மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. இரண்டும் எங்காவது கலந்தால்தான் குழந்தை பிழைக்கும். கலக்க இரண்டு வழி உண்டு. மேலறைகளுக்கு நடுவே கருவில் எல்லாக் குழந்தைக்கும் இருக்கும் சிறிய திறப்பு ஒன்று. மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே இருக்கும் டக்டஸ் என்ற இணைப்புக் குழாய் இன்னொன்று. பிறந்த பிறகு இரண்டுமே மூடத் தொடங்கும். மற்ற குழந்தைக்கு அது நல்லது, இந்தக் குழந்தைக்கு ஆபத்து.

டக்டஸ் மூடாமல் இருக்க ப்ராஸ்டாகிளாண்டின் என்ற மருந்தை ட்ரிப்பில் விடலாம். அதனால் குழந்தையின் மூச்சு நின்று போகலாம் என்பதால் வென்டிலேட்டர் பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும். ஆனால் இந்தக் குறையில் முக்கியமான வழி மேலறைத் திறப்புதான். அது மிகச் சின்னதாக இருந்தால் மருந்து மட்டும் போதாது, முகத்தில் எவ்வளவு ஆக்சிஜன் வைத்தாலும் பெரிய பலன் இல்லை. அப்போது செய்ய வேண்டியது பலூன் சிகிச்சை. தொப்புள் வழியாகவோ தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாகவோ மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, அந்தத் திறப்பு வழியாக இடது மேலறைக்குக் கொண்டுபோய், நுனியில் உள்ள பலூனை ஊதி, ஒரே வெடுக்கில் வலது பக்கம் இழுப்பார்கள். சுவர் கிழிந்து திறப்பு பெரிதாகும். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் 1966ல் வில்லியம் ராஷ்கிண்ட் அறிமுகப்படுத்தியதிலிருந்து இன்றுவரை எத்தனையோ குழந்தைகளை அறுவை சிகிச்சைவரை கொண்டுசேர்த்தது இதுதான். எக்கோவில் பார்த்துக்கொண்டே என்ஐசியூ படுக்கையிலேயே செய்யலாம்.

சரி, திறப்பு சின்னதாகுமா என்று முன்கூட்டியே தெரியாதா? கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் மறுபடியும் எக்கோ எடுத்து, திறப்பின் மூடி எப்படி அசைகிறது, டக்டஸ் எந்த அளவில் இருக்கிறது என்று பார்ப்போம். மோசமாகத் தெரிந்தால் பலூனோடு தயாராக நிற்போம். ஆனால் நன்றாகத் தெரிந்தால் அதை நம்பிச் சும்மா இருக்க முடியாது. நான் பார்த்த ஒரு தாய்க்கு இது இரண்டாவது பிரசவம். முதல் குழந்தைக்கு ஒன்றுமில்லை, குடும்பத்திலும் யாருக்கும் இதயக் குறை இல்லை. 21 வாரத்தில் கண்டுபிடித்தோம். 36 வாரத்தில் பார்த்தபோது திறப்பு தாராளமாகத்தான் தெரிந்தது. 39 வாரத்தில் வலி வரவைத்து, சுகப்பிரசவம். மூன்று கிலோ, நன்றாக அழுதது. பத்து நிமிடத்தில் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அளவு, 70. மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே முக்கால் மணி நேரத்தில் 48க்கு இறங்கிவிட்டது. எக்கோவில் பார்த்தால் திறப்பு இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் பலூன் முடிந்து சாச்சுரேஷன் 80ஐத் தாண்டியது. ஒன்பதாம் நாள் அறுவை சிகிச்சை. அந்தக் குழந்தை வேறு இடத்தில் பிறந்திருந்தால், ஆம்புலன்ஸ் வந்து சேரும் நேரத்துக்குள்ளேயே எல்லாம் கைமீறிப் போயிருக்கும்.

இது ஏதோ ஒரு குழந்தையின் கதை இல்லை. 1999ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், பிறந்த பிறகு இந்தக் குறை தெரியவந்த 250 குழந்தைகளில் 15 பேர் அறுவை சிகிச்சைக்கு முன்பே இறந்துபோனார்கள். கருவிலேயே தெரிந்து, ஏற்பாட்டோடு பிறந்த 68 பேரில் அப்படி ஒருவர்கூட இல்லை. நல்ல மையங்களில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் குழந்தைகளில் 100க்கு 95 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். அதனால் அறுவை சிகிச்சையைவிட, அதுவரை குழந்தையைக் கொண்டுசேர்க்கும் முதல் சில மணி நேரத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

அந்த அறுவை சிகிச்சையில் இரண்டு பெரிய குழாய்களையும் வெட்டி இடம் மாற்றித் தைப்பார்கள். இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரி குழாய்களையும் பெயர்த்துப் புது இடத்தில் ஒட்டுவார்கள், கடினமான பகுதி அதுதான். வழக்கமாகப் பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்துவிடுவார்கள். தாமதமானால், அழுத்தம் குறைந்த நுரையீரலுக்கே தள்ளிப் பழகிய இடது கீழறையின் தசை மெலிந்து, உடம்பு முழுவதற்கும் தள்ளும் சக்தியை இழந்துவிடும்.

எல்லா இதயக் குறைக்கும் இப்படி ஓட வேண்டியதில்லை. இடது பக்க இதயமே வளராத குறை, நுரையீரல் தமனி முழுக்க அடைபட்ட குறை போன்றவை டக்டஸை நம்பி இருப்பவை. அவற்றையும் கருவில் பார்க்க முடியும், பிரசவத்தையும் மையத்திலோ அதன் அருகிலோ வைத்துக்கொள்வதுதான் நல்லது. ஆனால் பெரும்பாலும் ப்ராஸ்டாகிளாண்டின் அந்தக் குழந்தைகளுக்குக் கொஞ்சம் அவகாசம் தரும். கீழறைச் சுவரில் வெறும் ஓட்டை என்றால் பெரும்பாலும் வழக்கமான ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் ஆகலாம். எக்கோவில் தெரியாதவையும் உண்டு. மேலறைச் சுவர் ஓட்டையையும் மூடாத டக்டஸையும் கருவில் குறை என்று சொல்லவே முடியாது, அங்கே அவை திறந்திருப்பதுதான் இயல்பு. சின்ன ஓட்டைகளும், மகாதமனி ஓரிடத்தில் சுருங்கும் குறையும் தப்பிவிடலாம். அதனால் எக்கோ நார்மல் என்றாலும், பிறந்த பிறகு கையிலும் காலிலும் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் பெயரையும் பார்க்காமல் இதைக் கேளுங்கள்: நள்ளிரவில் பிறந்தாலும் ஒரு மணி நேரத்தில் பலூன் செய்ய ஆள் இருக்கிறார்களா? பச்சிளங்குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சையை வழக்கமாகச் செய்கிறார்களா? பிரசவ வார்டும் அதே வளாகத்தில் இருக்கிறதா? சில இதய மருத்துவமனைகளில் பிரசவம் பார்க்க மாட்டார்கள், அப்போது இரண்டு ஆஸ்பத்திரிகளும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். இந்தக் குறைக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. தேதி நிச்சயமாக இருக்கட்டும் என்று 36, 37 வாரத்தில் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். குறைமாதக் குழந்தைக்கு இதே அறுவை சிகிச்சை இன்னும் கடினம், அதனால் 39 வாரம்வரை காத்திருக்கப் பார்ப்போம். தூரத்தில் இருப்பவர்கள் 37 வாரத்திலேயே மையத்தின் அருகில் போய்த் தங்கிவிடுவது உசிதம்.

அதற்குள் எதிர்பாராமல் வலி வந்தால், முதலில் மையத்துக்குப் போன் செய்யுங்கள். போக நேரம் இருந்தால் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே போய்விட வேண்டும். நேரம் இல்லாமல் பக்கத்திலேயே பிறந்துவிட்டால், எக்கோ ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி ப்ராஸ்டாகிளாண்டினை உடனே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அந்த மருந்து அங்கே இருப்பில் உண்டா என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள்.